கைத்தறித் துணிக்கு எத்தனை மெகாபிக்சல்? பிக்சல் அளவும் லென்சின் எல்லையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருதமுனை, கல்முனை, காத்தான்குடி, மட்டக்களப்புப் பக்கம் கைத்தறிச் சேலையும் சாரமும் விற்பவர்களும், அவர்களுக்குப் படமெடுத்துக் கொடுப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறோம். கணக்குகளை ஒரே கமராவை வைத்துப் போட்டிருக்கிறோம்: 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி, சென்சர் அகலம் 23.5 மில்லிமீற்றர், படத்தின் அகலம் 6000 பிக்சல். உங்களுடையது வேறென்றால் எண்களை மாற்றிப் போடுங்கள், முறை அதேதான்.

என்னிட்ட 24 மெகாபிக்சல் கமரா இரிக்கு. 40க்கு மாறினா சேலையின்ட இழை இன்னும் தெளிவாத் தெரியுமா?

நல்ல லென்ஸ், முக்காலி, f/5.6 அல்லது f/8 என்றால் கொஞ்சம் தெரியும். f/16 இல் எடுத்துப் பழகியவர் என்றால் ஒன்றுமே கூடாது.

அந்தக் "கொஞ்சம்" எவ்வளவு என்பதை முதலில் பாருங்கள். 24 இலிருந்து 40 என்றதும் ஒன்றரை மடங்குக்கு மேல் கூடியதுபோல் இருக்கும். ஆனால் மெகாபிக்சல் என்பது பரப்பளவு. இழையைப் பிரித்துக் காட்டுவது ஒரு பக்கத்தில் எத்தனை பிக்சல் என்பதுதான். 40 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி கமராவின் அகலம் 7728 பிக்சல். 6000 உடன் ஒப்பிட்டால் 29 சதவீதம் கூட. எல்லாம் சரியாக அமைந்தாலும் கிடைக்கக்கூடிய உச்ச இலாபம் அவ்வளவுதான். நுணுக்கம் இரட்டிப்பாக வேண்டுமென்றால் 96 மெகாபிக்சல் தேவை.

பிக்சல் அளவை எப்படிக் கணக்குப் பாக்கிற? ஒரு சென்சர் எவ்வளவு நுணுக்கம் வரைக்கும் பிடிக்கும்?

சென்சரின் அகலத்தை அகலவாட்டுப் பிக்சல் எண்ணிக்கையால் வகுத்தால் போதும். இரண்டும் கமராக் கையேட்டின் கடைசிப் பக்கங்களில் இருக்கும்.

```
23.5 ÷ 6000 = 0.00392 mm = 3.92 µm
1 ÷ (2 × 0.00392) = 128
```

முதல் வரி பிக்சல் அளவு: 3.92 மைக்ரோன். இரண்டாவது வரி நைக்விஸ்ட் எல்லை. ஓர் இழையும் அதற்குப் பக்கத்து இடைவெளியும் சேர்ந்தது ஒரு சோடி. அந்தச் சோடியைப் பிரித்தறிய ஆகக் குறைந்தது இரண்டு பிக்சல் வேண்டும்: ஒன்று இழைக்கு, ஒன்று இடைவெளிக்கு. அதனால் இந்தச் சென்சரின் ஒரு மில்லிமீற்றரில் 128 சோடிக்கு மேல் பதிய வழியில்லை.

இது கறுப்பு வெள்ளைக்கான எண். நிறத்துக்கு வந்தால் கணக்கு இறங்கும். வழமையான சென்சரில் சிவப்புப் பிக்சலும் நீலப் பிக்சலும் ஒன்றுவிட்டு ஒன்றாகத்தான் இருக்கின்றன. இடையில் இருப்பதைக் கமராவின் மென்பொருள் பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்து ஊகித்து நிரப்புகிறது. ஆகவே சிவப்புக்கும் நீலத்துக்கும் எல்லை பாதி: 64 சோடி. துணிப் படத்தில் வரும் பிரச்சினைகளில் பாதி இந்த 64க்கும் 128க்கும் இடையில்தான் நடக்கிறது.

லென்சுக்கும் அப்பிடி ஒரு எல்லை இரிக்கா?

இருக்கிறது. ஒளி அப்பேச்சர் துவாரத்தைக் கடக்கும்போது கோணலடைகிறது. அதனால் ஒரு புள்ளி சென்சரில் புள்ளியாக விழாமல் சிறு வட்டமாக விரிகிறது. துவாரம் சிறுக்கச் சிறுக்க வட்டம் பெருக்கும். எந்த விலை லென்சானாலும் இதிலிருந்து தப்ப முடியாது. பச்சை ஒளிக்கு, அதாவது 0.55 மைக்ரோன் அலைநீளத்துக்கு, ஒரு மில்லிமீற்றரில் எத்தனை சோடி வரை லென்ஸ் கடத்தும் என்பதை இப்படிக் காணலாம்:

```
1 ÷ (0.00055 × f)
f/5.6 → 325
f/8   → 227
f/11  → 165
f/16  → 114
f/22  → 83
```

இந்த எண்ணில் கொன்ட்ராஸ்ட் பூச்சியம். அதற்குக் கீழேயும் லென்ஸ் முழுதாகக் கடத்துவதில்லை: பாதி எண்ணில் 39 சதவீதம், 80 சதவீத எண்ணில் 10 சதவீதம் என்று இறங்கிக்கொண்டே போகும். 10 சதவீதத்துக்குக் கீழே போனால், மங்கல் நிறத் துணியில், கண்ணுக்கு இழை தெரியாது. அதனால் நடைமுறைக்கு மேலே உள்ள எண்களில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துவிட்டுப் பாருங்கள்.

இப்போது இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்தால் விடை தானாக வரும். நம் சென்சரின் எல்லை 128. f/8 இல் லென்சின் எல்லை 227. சென்சர்தான் முதலில் முடிகிறது, கூடுதல் பிக்சலுக்கு வேலை இருக்கிறது. f/16 இல் லென்சின் எல்லை 114. லென்ஸ் முதலில் முடிந்துவிட்டது. அங்கே 24 ஐ 40 ஆக்கினாலும் 60 ஆக்கினாலும் அதே மங்கலைக் கூடுதல் பிக்சலில் பதிவதுதான் நடக்கும்.

ஒவ்வொரு முறையும் இதெல்லாம் கணக்குப் பாக்க ஏலாது. குறுக்கு வழி இல்லையா?

பிக்சல் அளவை மைக்ரோனில் எடுத்து 3 ஆல் பெருக்குங்கள். வரும் f எண்ணோடு கூடுதல் பிக்சலின் பயன் ஏறக்குறைய முடிகிறது. 3.6 ஆல் பெருக்கினால் வருவது கடும் எல்லை. அதற்கு அப்பால் ஒரு துளி நுணுக்கமும் கூடாது.

நம் 3.92 மைக்ரோனுக்கு அவை f/11.8, f/14. முழுச்சட்டச் சென்சரில் 24 மெகாபிக்சல் என்றால் பிக்சல் ஏறக்குறைய 6 மைக்ரோன்: f/18, f/22. 40 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி என்றால் 3.04 மைக்ரோன்: f/9, f/11. அதாவது 40 மெகாபிக்சல் வாங்கிவிட்டு f/11 இல் படமெடுப்பவர் அந்தக் கூடுதல் பிக்சல்களில் இருந்து உருப்படியாக எதையும் எடுப்பதில்லை.

இது லென்ஸ் பிழையே இல்லாதது என்று வைத்துப் போட்ட கணக்கு. கிட் லென்ஸ் ஒன்று f/3.5 இலும் f/4 இலும், விசேடமாக மூலைகளில், கோணல் எல்லைக்குக் கிட்டவும் வராது. அந்த லென்சுகள் பெரும்பாலும் f/5.6 க்கும் f/8 க்கும் இடையில்தான் தம் உச்சத்தைத் தொடும்.

சேலைப் படத்தில வானவில் மாதிரி அலையலையா நிறம் வருது. துணியில அப்பிடி ஒண்டும் இல்ல. கமரா பழுதா?

பழுதில்லை. லென்ஸ் கடத்திய நுணுக்கத்தைச் சென்சரால் பிடிக்க முடியாமல் போனதன் அடையாளம் அது. மொய்ரே என்பார்கள். கைத்தறித் துணியில் இழை ஒழுங்காக இருப்பதால் இது மற்றப் பொருட்களைவிடக் கூடுதலாக வரும்.

முதலில் ஒன்றைச் சரிபாருங்கள். படத்தைக் கணினியில் 100 சதவீதத்தில் திறந்தால் அலை மறைகிறதா? மறைந்தால் கோப்பில் பிழையில்லை. திரை படத்தைச் சுருக்கிக் காட்டும்போது உண்டான அலை அது. 100 சதவீதத்திலும் நின்றால்தான் கமராவில் பதிந்தது.

பதிந்திருந்தால் துணியின் இழையை எண்ணுங்கள். துணியின் மேல் அடிமட்டத்தை வைத்துக் கைத்தொலைபேசியில் கிட்டவாக ஒரு படம் எடுத்து, ஒரு சென்ரிமீற்றருக்குள் எத்தனை இழை என்று பெரிதாக்கி எண்ணினால் போதும். பாவு, ஊடு இரண்டையும் தனித்தனியாக எண்ண வேண்டும். இரண்டும் ஒரே எண்ணாக இருக்க வேண்டியதில்லை. 20 இழை என்று வைத்துக்கொள்வோம்.

சட்டத்துக்குள் துணியின் 150 சென்ரிமீற்றர் அகலம் வருமாறு எடுத்தால் 3000 இழை 6000 பிக்சலில் விழும். இழைக்கு 2 பிக்சல், எல்லையின் நுனி. சிவப்புப் பிக்சலோ இரண்டுக்கு ஒன்று. ஆகவே ஓர் இழைக்குச் சரியாக ஒரு சிவப்புப் பிக்சல். இந்தக் கணக்கு அச்சொட்டாகப் பொருந்தினால் எல்லாச் சிவப்புப் பிக்சலும் இழையின் ஒரே இடத்தைப் பார்க்கும். ஆனால் அச்சொட்டாகப் பொருந்துவதில்லை. 148 சென்ரிமீற்றர் வந்தது என்று வையுங்கள்: இழை 2960, சிவப்புப் பிக்சல் வரிசை 3000. வித்தியாசம் 40. இடப்பக்க ஓரத்தில் இழையின் முதுகைப் பார்த்த சிவப்புப் பிக்சல், கொஞ்சம் கொஞ்சமாக நழுவி இடைவெளியைப் பார்க்கத் தொடங்கி, மறுபடி இழைக்கு வருகிறது. நீலமும் அப்படியே, ஆனால் ஒரு பிக்சல் தள்ளி. விளைவு: படத்தின் அகலத்தில் 40 நிறப் பட்டைகள், ஒவ்வொன்றும் 150 பிக்சல் அகலம். சேலையில் ஓடும் வானவில் அதுதான்.

துணி கொஞ்சம் வளைந்தோ சாய்ந்தோ தொங்கினால் ஒவ்வோர் இடத்திலும் வித்தியாசம் மாறும். பட்டைகள் நேராக இல்லாமல் அலைபோல் வளைவதற்குக் காரணம் அது.

தப்ப வேண்டுமென்றால் இழைக்கு 4 பிக்சல் கொடுங்கள். 6000 ஐ 4 ஆல் வகுத்தால் 1500 இழை, 20 ஆல் வகுத்தால் 75 சென்ரிமீற்றர். அதைவிட அகலமாக எடுக்காமல் இருந்தால், இந்தத் துணியின் இழையால் போலி நிறம் வராது. 50 மில்லிமீற்றர் லென்சில் இது துணியிலிருந்து ஏறக்குறைய 1.65 மீற்றர் தூரம். முழுச் சேலையும் இழையோடு வேண்டுமென்றால் 75 சென்ரிமீற்றர்த் துண்டுகளாக எடுத்துக் கணினியில் ஒட்டுவதுதான் வழி.

இங்கேதான் 40 மெகாபிக்சலின் உண்மையான மதிப்புத் தெரிகிறது: 7728 ஐ 4 ஆல் வகுத்து, 20 ஆலும் வகுத்தால் 96 சென்ரிமீற்றர். 75 க்குப் பதில் 96. ஓர் ஒட்டு மிச்சம். அதற்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதை உங்கள் வியாபாரம் தீர்மானிக்கட்டும்.

முந்தி எடுத்த பழைய கமராவில இப்பிடி வந்ததில்லையே?

பழைய கமராக்களில் சென்சருக்கு முன்னால் ஒளியை மிகச் சிறிதாகக் கலைக்கும் வடிகட்டி ஒன்று இருந்தது. எல்லைக்கு மேற்பட்ட நுணுக்கத்தை அது முன்கூட்டியே மங்கச் செய்துவிடும். 2013 இல் வந்த நிக்கோன் D7100 அந்த வடிகட்டி இல்லாமல் வந்தது. அதன்பின் பல கமராக்கள் அதே வழியில் போயின. படம் கூர்மையானது, துணி எடுப்பவருக்குத் தலையிடியும் கூடியது.

f/16 க்கு மாத்தினா அந்த அலை போகுது. அதுவே போதாதா?

முழுச் சேலையையும் விற்பனைப் பக்கத்துக்கு எடுப்பதென்றால் போதும். நாங்களும் அதைத்தான் சொல்வோம். 150 சென்ரிமீற்றர் சட்டத்தில் இழை சென்சரில் மில்லிமீற்றருக்கு 128 சோடியாக விழுகிறது. f/16 இல் லென்ஸ் 114 க்கு மேல் கடத்தாது. அலையை உண்டாக்கும் இழையே சென்சரை வந்தடைவதில்லை. அன்று வடிகட்டி செய்த வேலையைச் சின்னத் துவாரம் செய்கிறது.

விலையும் உண்டு. அலையோடு இழையும் போய்விடும். துணி அச்சடித்த பொலியெஸ்டர் போல வழவழப்பாகத் தெரியும். கைத்தறி என்று காட்டி விற்பவருக்கு அது நட்டம். அதனால் முழுத் தோற்றத்துக்கு f/16, நெசவைக் காட்ட f/8 இல் கிட்டவாக ஒன்று என்று இரண்டு படம் எடுங்கள்.

அலை f/16 இலும் போகவில்லையா? அப்படியானால் அதை உண்டாக்குவது ஒற்றை இழை இல்லை, இரண்டு மூன்று இழைக்கொரு முறை வரும் கோடு அல்லது கட்டம். அதற்குத் தூரத்தை மாற்றுவதே மருந்து. 10 சென்ரிமீற்றர் முன்னால் நகர்ந்தாலும் பட்டையின் அகலம் சட்டென்று மாறும்.

f/16 ல 40 மெகாபிக்சல் கமரா 24 ஐ விட மோசமா வரும் எண்டு சொல்றாங்களே?

வராது. 100 சதவீதத்தில் திறந்தால் 40 மெகாபிக்சல் படம் கூட மங்கலாகத் தெரியும், ஏனென்றால் அதே மங்கலைக் கூடப் பெரிதாக்கிப் பார்க்கிறீர்கள். இரண்டையும் ஒரே அளவில் அச்சடித்துப் பாருங்கள். 40 பின்னால் நிற்காது. முன்னாலும் நிற்காது. கூடுவது கோப்பு: சுருக்காத 14 பிட் RAW என்றால் ஒரு படத்துக்கு 42 மெகாபைட்டுக்குப் பதில் 70.

ஜரிகைக் கரையை 5 சென்ரிமீற்றர் அகலத்துக்குக் கிட்டப்போய் எடுக்கிறன். f/11 ல மங்கலா வருது, ஏன்?

கிட்டப் போகும்போது லென்ஸ் சென்சரிலிருந்து விலகுகிறது. பெரும்பாலான கமராக்களில் திரையில் காட்டும் f எண் அப்போது உண்மையான எண்ணாக இருப்பதில்லை. உருப்பெருக்கத்தை எடுத்து, அதோடு 1 ஐக் கூட்டி, f எண்ணால் பெருக்குங்கள். 23.5 மில்லிமீற்றர் சென்சரில் 50 மில்லிமீற்றர்த் துணி என்றால் உருப்பெருக்கம் 0.47. உங்கள் f/11 உண்மையில் f/16. f/8 இல் எடுத்தால் அது f/11.8, நம் எல்லையில் சரியாக நிற்கும்.

ஆனால் f/8 க்கு வந்தால் அடுத்த தொல்லை: மடிப்பு. 10 சென்ரிமீற்றர் அகலத்தில் எடுக்கும்போதே, துணி 2 மில்லிமீற்றர் எழும்பி நின்றால் அந்த இடத்தில் ஏறக்குறைய 3 பிக்சல் மங்கல் வரும்; 5 சென்ரிமீற்றரில் அதைவிட மோசம். துணியை இஸ்திரி போட்டு, தட்டையான பலகையில் இழுத்துக் கிளிப் பண்ணி, கமராவை மேலிருந்து செங்குத்தாகப் பிடியுங்கள். அப்பேச்சரைச் சுருக்கி மடிப்பைச் சமாளிக்க நினைப்பவர் ஒன்றைக் கொடுத்து மற்றதை வாங்குகிறார்.

என்ட படத்தில 24 மெகாபிக்சலும் உண்மையா வேலை செய்யுதா எண்டு எப்பிடிப் பாக்கிற?

படத்தைப் பாதி மெகாபிக்சலுக்குச் சுருக்கி, மறுபடி பழைய அளவுக்குப் பெருப்பித்து, இரண்டையும் கழித்துப் பாருங்கள். கழித்ததில் துணியின் இழை தெரிந்தால் அந்தப் பிக்சல்களுக்கு வேலை இருந்திருக்கிறது. ஒன்றும் தெரியாவிட்டால் 12 மெகாபிக்சலே போதுமாக இருந்திருக்கும். 40 பற்றிப் பேசத் தேவையில்லை.

எடுக்கும் விதம் முக்கியம். ISO 100, முக்காலி, 2 செக்கன் டைமர், RAW. கணினியில் மாற்றும்போது கூர்மையாக்கலையும் இரைச்சல் நீக்கலையும் பூச்சியத்தில் வைத்து 16 பிட் TIFF ஆகச் சேமியுங்கள். JPEG இல் செய்தால் கமரா போட்ட கூர்மையைத்தான் அளப்பீர்கள். பிறகு ImageMagick என்ற கட்டளைவரி மென்பொருளில்:

```
magick a.tif -crop 2000x2000+2000+1000 +repage k.tif
magick k.tif -filter Lanczos -resize 1414x1414 s.tif
magick s.tif -filter Lanczos -resize 2000x2000 b.tif
magick k.tif b.tif -compose difference -composite -evaluate multiply 8 d.png
```

முதல் வரி 6000 × 4000 படத்தின் நடுவிலிருந்து 2000 பிக்சல் சதுரத்தை வெட்டுகிறது. அடுத்த இரண்டும் சுருக்கிப் பெருப்பிக்கின்றன. கடைசி வரி வித்தியாசத்தை 8 மடங்காக்கி `d.png` இல் எழுதுகிறது.

`d.png` ஐத் திறந்தால் முழுக் கறுப்பாக இருக்காது. ஒழுங்கில்லாத பொடிப் புள்ளிகள் எங்கும் சமமாகப் பரவியிருந்தால் அது சென்சரின் இரைச்சல், நுணுக்கமாக எண்ணாதீர்கள். துணியின் உருவம், கரையின் ஓரம், இழையின் வரிசை தெரிந்தால் அதுதான் நுணுக்கம். ஒரே துணியை f/5.6, f/8, f/11, f/16 என்று நான்கு தரம் எடுத்து நான்கு `d.png` ஐயும் பக்கம் பக்கமாக வையுங்கள். நல்ல லென்ஸ் என்றால் f/8 இல் உருவம் தெளிவாகவும், f/11 இல் மங்கியும், f/16 இல் புள்ளிகள் மட்டுமாகவும் வரும். நான்கிலும் புள்ளி மட்டுமே என்றால் குறை அப்பேச்சரில் இல்லை: லென்சிலோ, போகசிலோ, அசைவிலோ.

மூலைக்கும் ஒருமுறை செய்யுங்கள். `+2000+1000` ஐ `+0+0` ஆக்கினால் இடது மேல் மூலை வரும். நடுவில் தேறிய கிட் லென்ஸ் மூலையில் தேறாமல் போவது சாதாரணம்.

ஓர் எச்சரிக்கை. `d.png` இல் உருவம் தெரிவது 24 வேலை செய்கிறது என்பதற்குத்தான் சான்று. 40 இலாபம் தரும் என்பதற்குச் சான்று இல்லை. அதற்கு அலை வருகிறதா என்று பார்க்க வேண்டும். இழைக்கு 2 பிக்சல் விழும் தூரத்துக்குப் பின்னால் போய் f/5.6 இல் எடுங்கள். நிற அலை வந்தால் லென்சிடம் இன்னும் மிச்சம் இருக்கிறது, கூடிய பிக்சலுக்கு அது உணவு. சரியாகப் போகஸ் பண்ணியும் அலை வரவில்லையென்றால், கமராவை மாற்ற நினைத்த காசை லென்சில் போடுங்கள்.

கடையில "இந்த லென்ஸ் 24 மெகாபிக்சல் வரைக்கும்தான் தாங்கும்" எண்டு சொல்றாங்க. அது சரியா?

லென்சுக்கு அப்படி ஓர் எண் கிடையாது. படத்தில் கடைசியாக வரும் கொன்ட்ராஸ்ட், லென்ஸ் கடத்தியதையும் பிக்சல் கடத்தியதையும் பெருக்கி வருவது. பிக்சலைச் சிறிதாக்கினால் அதன் பங்கு கொஞ்சம் கூடும், பெருக்குத்தொகையும் கொஞ்சம் கூடும். சாதாரண லென்சில் அந்தக் கூடுதல் மிகச் சிறிது, அவ்வளவுதான். தவிர ஒரே லென்ஸ் f/8 இல் நடுவில் ஒரு தரம், f/4 இல் மூலையில் வேறு தரம். எந்த அப்பேச்சருக்கு, படத்தின் எந்த இடத்துக்கு என்று விற்பவரிடம் கேட்டுப் பாருங்கள்.

கணக்குப்படி f/8 ல நல்லா வரணும். வரல்ல. எங்க பாக்கிற?

முதலில் மேலே பாருங்கள்: மின்விசிறி. 75 சென்ரிமீற்றர் சட்டத்தில் துணியின் ஒரு மில்லிமீற்றர் 8 பிக்சல், அதாவது இரண்டு இழை. தொங்கவிட்ட சேலை விசிறிக் காற்றில் செக்கனுக்கு ஒரு சென்ரிமீற்றர் வேகத்தில் ஆடினால், 1/15 செக்கன் சட்டரில் 5 பிக்சல் இழுபடும். இழை முழுதாக அழிந்துவிடும். துணியைப் பார்த்தால் அசைந்ததாகவே தெரியாது. விசிறியை நிறுத்தி, துணி அடங்கும்வரை நின்று எடுங்கள். அல்லது கீழ்க் கரையில் கிளிப் போட்டுப் பாரம் தொங்கவிடுங்கள்.

அடுத்து லென்சின் முகப்பு. கடலுக்கும் வாவிக்கும் இடையில் இருக்கும் நம் ஊர்களில் கண்ணாடியில் உப்புப் படலம் படிவது கண்ணுக்கே தெரியாது. அது இழையின் எல்லையைக் குறைப்பதைவிடக் கொன்ட்ராஸ்டை ஒட்டுமொத்தமாகக் குறைக்கும். ஏற்கனவே 15 சதவீதத்தில் நின்ற இழை அதோடு மறைந்துவிடும். இருட்டில் சாய்வாக டோர்ச் அடித்துப் பார்த்தால் படலம் தெரியும். உள்ளே நூல் நூலாகச் சிலந்தி வலைபோல் தெரிந்தால் அது பூஞ்சணம். அதைத் துடைக்க முடியாது, லென்சைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும்.

போன்ல 108 மெகாபிக்சல் இரிக்கே, அது 24 ஐ வெல்லாதா?

108 மெகாபிக்சல் போன் சென்சர்களில் பிக்சல் வழமையாக 0.7 அல்லது 0.8 மைக்ரோன். f/1.8 போன்ற பெரிய துவாரம் என்பதால் கோணல் அங்கே முதல் எதிரி இல்லை. சிறிய லென்சின் பிழையும், அவ்வளவு சின்னப் பிக்சலில் விழும் ஒளியின் போதாமையும்தான் தடை. தவிர இவற்றில் ஒன்பது பிக்சலுக்கு மேல் ஒரே நிற வடிகட்டி வருவதுண்டு. நிறத்தைப் பொறுத்தவரை அது 12 மெகாபிக்சல் போலத்தான்.

சோதனை எளிது. வெளிச்சமான இடத்தில், போனை அசையாமல் வைத்து, 12 இல் ஒன்றும் 108 இல் ஒன்றும் எடுங்கள். 12 ஐ மூன்று மடங்காகப் பெருப்பித்துப் பக்கத்தில் வையுங்கள். பகல் வெளிச்சத்தில் 108 இல் கொஞ்சம் கூடத் தெரியலாம். கடைக்குள் ரியூப் லைட்டில் எடுத்தால் வித்தியாசத்தைத் தேட வேண்டியிருக்கும்.

கடைப் பக்கத்தில 1200 பிக்சல் படம்தான் போடுறம். அப்ப 24 உம் கூடத்தானே?

கூடத்தான். ஆனால் பெரிதாக எடுத்துச் சுருக்கினால் நிறம் சுத்தமாகவும் இரைச்சல் குறைவாகவும் வரும், அது வீண் இல்லை. சுருக்கும்போதும் இதே மாதிரியெடுப்பு எல்லை உண்டு என்பதை மறக்கக் கூடாது: 75 சென்ரிமீற்றரை 1200 பிக்சலில் போட்டால் இழைக்கு 0.8 பிக்சல். மட்டமான முறையில் சுருக்கினால் கமராவில் தப்பிய அலை இங்கே வந்துவிடும். Lanczos போல நல்ல வடிகட்டியில் சுருக்குங்கள், Nearest வேண்டாம்.

துணி இல்ல, கல்லடிப் பாலத்தடியில வாவிப் பறவை எடுக்கிறன். 600 மில்லிமீற்றர் f/6.3 லென்சுக்கு 2x கொன்வேட்டர் போட்டா இறகு தெரியுமா?

2x போட்டால் f/6.3 என்பது f/12.6 ஆகிவிடும், 3.92 மைக்ரோனுக்கு எல்லை f/11.8. எல்லையைச் சற்றுத்தான் தாண்டுகிறது. பறவை சென்சரில் இரண்டு மடங்கு பெரிதாக விழுவதால், நல்ல லென்ஸ் என்றால் இறகு முன்னைவிடக் கூடத் தெரியும், ஆனால் நுணுக்கம் முழுதாக இரண்டு மடங்காகாது. 1.4x என்றால் f/9, அது உள்ளே நிற்கும்.

அதைவிட நேரத்தைக் கவனியுங்கள். 60 மீற்றர் தூரத்தில், கொன்வேட்டர் இல்லாமலே, ஒரு பிக்சல் பறவையின் மேல் 0.4 மில்லிமீற்றர். காலை பத்து மணிக்குப் பிறகு வாவியின் மேல் சூடேறிய காற்று ஒளியை அதைவிடக் கூடவே ஆட்டலாம். அசையாமல் நிற்கும் கொக்கை முக்காலியில் வைத்து இருபது படம் தொடராக எடுத்து, அலகின் ஓரத்தை ஒன்றன்பின் ஒன்றாகப் பாருங்கள். ஓரம் நெளிந்தால், அன்றைய எல்லை காற்று; விடியப்புறம் வந்து எடுங்கள்.